உடைந்ததா, உடைத்தாரா? ஜெர்மன் மொழியின் இரண்டு துணைவினைகள்

கண்ணாடி உடைந்தது. கண்ணாடியை உடைத்தார். தமிழ் பேசும் சின்னக் குழந்தைகூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. முதலாவதில் கண்ணாடிக்கு ஏதோ நேர்ந்துவிட்டது. இரண்டாவதில் கண்ணாடியை ஒருவர் ஏதோ செய்துவிட்டார். வேறுபாடு வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எரிந்தது, எரித்தார், உருண்டது, உருட்டினார், ஓடியது, ஓட்டினார். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான்.

ஜெர்மன் மொழியில் 'உடைந்த', 'உடைத்த' இரண்டுக்கும் ஒரே சொல்: 'ட்ஸெர்ப்ரோஹன்'. ஆனாலும் ஜெர்மானியர் எவரும் குழம்புவதில்லை. 'டி ப்ரில்லெ இஸ்ட் ட்ஸெர்ப்ரோஹன்' என்றால் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. 'எர் ஹட் டி ப்ரில்லெ ட்ஸெர்ப்ரோஹன்' என்றால் அவர் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டார். வேறுபாட்டைச் சுமப்பது 'இஸ்ட்', 'ஹட்' என்ற சிறிய சொற்கள். தமிழ் வினைக்குள் வைக்கும் செய்தியை ஜெர்மன் வினைக்கு வெளியே, துணைவினையில் வைக்கிறது.

இந்தத் துணைவினைகள் இரண்டே இரண்டு. ஒன்று 'ஸைன்', அதாவது 'இரு'. இன்னொன்று 'ஹாபன்', அதாவது 'உடைத்தாயிரு', 'வைத்திரு'. நடந்து முடிந்ததைச் சொல்லும் பெர்ஃபெக்ட் என்ற காலத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவற்றில் ஒன்று வேண்டும். 'நான்' என்றால் 'இஷ் பின்' அல்லது 'இஷ் ஹாபெ'. 'அவர்' என்றால் 'எர் இஸ்ட்' அல்லது 'எர் ஹட்'. 'நாங்கள்' என்றால் 'விர் ஸின்ட்' அல்லது 'விர் ஹாபன்'. முதன்மை வினை மாறிய வடிவில் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். அந்த வடிவத்துக்குப் பார்ட்டிட்ஸிப் என்று பெயர்.

பேச்சு ஜெர்மனில் இறந்தகாலம் பெரும்பாலும் பெர்ஃபெக்ட்தான். நேற்று என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், ஏன் தாமதம் என்று எதைச் சொல்ல வந்தாலும் வாய் திறந்த இரண்டாவது சொல்லிலேயே 'பின்'னா 'ஹாபெ'யா என்று முடிவு செய்தாக வேண்டும். முதன்மை வினை வருவதற்கு முன்பே செய்யவேண்டிய முடிவு இது. அதனால்தான் இலக்கணத் தேர்வில் சரியாக எழுதுகிறவர்கள்கூடப் பேசும்போது தடுமாறுகிறார்கள்.

வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லித்தரும் விதி சுருக்கமானது: அசைவைக் குறிக்கும் வினைகளுக்கும் நிலைமாற்றத்தைக் குறிக்கும் வினைகளுக்கும் ஸைன், மற்ற எல்லாவற்றுக்கும் ஹாபன். இதோடு இருபது, முப்பது சொற்கள் கொண்ட ஒரு பட்டியலும் கிடைக்கும். விதி தவறில்லை. ஆனால் 'அசைவு' என்ற சொல் மாணவரைத் திசை திருப்பிவிடுகிறது. நடனம் ஆடுவதில் அசைவு உண்டு. 'நேற்று நிறைய ஆடினோம்' என்பதற்கு ஹாபன்தான் வரும். தூங்கிப்போவதில் அசைவே இல்லை, அதற்கு ஸைன்.

உண்மையில் இரண்டு விதிகள் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. வாக்கியத்தின் எழுவாய் தொடக்கத்தில் ஒரு நிலையில் இருந்து, முடிவில் வேறொரு நிலையில் போய் நின்றால் ஸைன். இடம் மாறுவதும் ஒருவகை நிலைமாற்றமே. சென்னையில் இருந்தவர் பெங்களூரில் இருக்கிறார், விழித்திருந்தவர் தூக்கத்தில் இருக்கிறார், உயிரோடு இருந்தவர் இறந்துவிட்டார். மூன்றிலும் எழுவாய்க்கே ஒன்று நேர்ந்து முடிந்திருக்கிறது. எழுவாய் வேறொன்றின்மீது ஒரு செயலைச் செய்தாலோ, நிலை மாறாமல் ஒரு செயலில் நேரம் கழித்தாலோ ஹாபன்.

தூக்கத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 'இஷ் பின் ஐன்கெஷ்லாஃபன்': தூங்கிப்போனேன். 'இஷ் ஹாபெ கெஷ்லாஃபன்': தூங்கினேன். 'இஷ் பின் அவுஃப்கெவாஹ்ட்': விழித்துக்கொண்டேன். தூக்கத்துக்குள் நுழையும் வாசலிலும் வெளியேறும் வாசலிலும் ஸைன் நிற்கிறது; நடுவில் உள்ள நீண்ட நேரத்துக்கு ஹாபன். பூவுக்கும் இதே கதைதான். பூத்திருந்த நாட்களைச் சொல்லும் 'கெப்ல்யூட்' ஹாபனோடு வரும். வாடி உதிர்ந்ததைச் சொல்லும் 'ஃபெர்ப்ல்யூட்' ஸைனோடு வரும். வேர்ச்சொல் ஒன்று. முன்னால் ஒட்டும் ஓரசை நிலைமாற்றத்தைக் கொண்டுவருகிறது, துணைவினையும் கூடவே மாறுகிறது.

இடம் பெயர்வதில் வரும் சிக்கலும் இந்த ஒரே கேள்வியால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 'கெஃபாரன்' என்ற சொல் வண்டியில் போவதற்கும் வண்டியை ஓட்டுவதற்கும் பொதுவானது. 'இஷ் பின் நாஹ் மியூன்ஷன் கெஃபாரன்' என்றால் மியூனிக்குக்குப் போனேன். இடம் மாறியது நான். 'இஷ் ஹாபெ மைனன் ஃபாட்டர் நாஹ் மியூன்ஷன் கெஃபாரன்' என்றால் அப்பாவை மியூனிக்குக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஓட்டியவரும் மியூனிக் போய்ச் சேர்ந்தார் என்பது உண்மையே. ஆனால் இந்த வாக்கியம் சொல்வது அதையல்ல. ஒருவர் இன்னொருவரைக் கொண்டுபோனார் என்பதையே சொல்கிறது. 'அப்பாவை' என்ற செயப்படுபொருள் வந்ததும் ஸைன் விலகி ஹாபன் வந்துவிட்டது. விமானத்திலும் அப்படியே. பயணிகள் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 'ஸின்ட் கெஃப்ளோகன்', பறந்தார்கள். விமானி விமானத்தை 'ஹட் கெஃப்ளோகன்', ஓட்டினார்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 'இஷ் பின் அவுட்டோ கெஃபாரன்' என்று ஜெர்மானியர் சொல்வார்கள். 'அவுட்டோ' என்றால் கார். கார் செயப்படுபொருள்தானே, ஏன் ஹாபன் வரவில்லை என்ற கேள்வி எழும். அதற்கு முன்னால் 'ஒரு', 'அந்த' போன்ற சுட்டு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இது ஒரு குறிப்பிட்ட காரைப் பற்றிய பேச்சல்ல. 'கார் ஓட்டுதல்' என்ற ஒட்டுமொத்தச் செயல். சைக்கிள் ஓட்டுவதற்கும் பனிச்சறுக்குக்கும் இதே வழக்கு. 'அந்தக் காரை கராஜுக்குள் ஓட்டிவைத்தேன்' என்று குறிப்பிட்ட கார் ஒன்று வந்துவிட்டால் ஹாபன்.

நடனத்துக்கு வருவோம். 'விர் ஹாபன் டி கான்ட்ஸெ நாஹ்ட் கெடான்ட்ஸ்ட்': இரவு முழுக்க ஆடினோம். ஆடியவர்கள் ஆட்டம் முடிந்தபோதும் அதே கூடத்தில்தான் இருந்தார்கள். 'விர் ஸின்ட் டுர்ஹ் டென் ஸால் கெடான்ட்ஸ்ட்': ஆடிக்கொண்டே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனோம். 'டுர்ஹ் டென் ஸால்', அதாவது 'கூடத்தின் ஊடாக' என்ற சொற்கள் சேர்ந்ததும் ஆட்டம் ஒரு பயணமாகிவிட்டது, ஸைனும் வந்துவிட்டது. நீச்சலில் இந்த எல்லை இன்னும் மங்கலாக இருக்கிறது. ஆற்றை நீந்திக் கடந்தேன் என்றால் ஸைன் மட்டுமே. ஒரு மணி நேரம் நீந்தினேன் என்றால் இரண்டையும் கேட்கலாம், இரண்டும் சரி. போவதையும் வருவதையும் மட்டுமே குறிக்கும் 'கெகாங்கன்', 'கெகோமன்' போன்றவற்றில் இந்த ஊசலாட்டமே கிடையாது. அவை எப்போதும் ஸைன்.

விதி நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மருத்துவமனையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஜெர்மனியில் செவிலியர் வேலைக்கான அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 நிலை மொழித்தேர்ச்சி கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பலர் அதற்காகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் அவர்கள் தினமும் பேசவேண்டிய ஒன்று, இரவுப் பணி முடிந்து காலைப் பணியினரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது கொடுக்கும் அறிக்கை. அது முழுக்க முழுக்க முடிந்துபோன நிகழ்வுகள். வயதான நோயாளி ஒருவர் இரவில் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு அந்த அறிக்கையை வரி வரியாகப் பின்தொடரலாம்.

பத்து மணிக்குத் தூங்கிப்போனார்: 'எர் இஸ்ட் ஐன்கெஷ்லாஃபன்'. இரண்டு மணிவரை தூங்கினார்: 'எர் ஹட் கெஷ்லாஃபன்'. பிறகு விழித்தார், எழுந்தார், கழிவறைக்குப் போனார். மூன்றும் ஸைன், மூன்றிலும் அவர் ஒரு நிலையை விட்டு இன்னொன்றுக்கு வந்திருக்கிறார். 'எர் இஸ்ட் இம் பாட் கெஷ்ட்யூர்ட்ஸ்ட்': குளியலறையில் விழுந்துவிட்டார். நின்றிருந்தவர் தரையில் கிடக்கிறார், ஆகவே ஸைன். அவர் மணியை அழுத்தினார். அது அவர் செய்த செயல், ஆகவே ஹாபன். நாங்கள் ஓடிவந்தோம்: ஸைன். அவருக்கு உதவினோம்: 'விர் ஹாபன் ஈம் கெஹோல்ஃபன்'. மருத்துவர் வந்தார், 'இஸ்ட் கெகோமன்'. அவரைப் பரிசோதித்தார், ஹாபன்.

மருத்துவர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வியிலும் ஸைன் இருக்கிறது: 'வாஸ் இஸ்ட் பஸீர்ட்?', என்ன நடந்தது? தானாக நேர்வதைக் குறிக்கும் வினைகளுக்கு ஸைன் என்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதிய நினைவுக்குறி.

பரிசோதனை முடிந்ததும் நோயாளி மறுபடி படுத்துக்கொண்டார். நின்றவர் கிடைநிலைக்கு வந்துவிட்டாரே, ஸைன்தான் என்று தோன்றும். ஆனால் ஜெர்மானியர் சொல்வது 'எர் ஹட் ஸிஷ் ஹின்கெலேக்ட்'. காரணம் நடுவில் உள்ள 'ஸிஷ்', அதாவது 'தன்னை'. மொழி இங்கே அவரை இரண்டாகப் பார்க்கிறது: கிடத்துகிறவர் ஒருவர், கிடத்தப்படுகிறவர் ஒருவர், இருவரும் அவரே. தன்னை என்ற செயப்படுபொருள் வந்துவிட்டதால் ஹாபன். தமிழில் 'கொள்' சேர்ந்து வரும் பல இடங்களில் ஜெர்மனில் இந்த 'ஸிஷ்' வருவதைப் பார்க்கலாம். வழி தவறிவிட்டேன் என்பதற்கும் ஜெர்மனில் தன்னைச் சேர்த்தே சொல்லவேண்டும், ஆகவே ஹாபன். இந்த விதி உறுதியானது. எழுவாயையே திரும்பச் சுட்டும் இந்த 'தன்னை' செயப்படுபொருளாக வந்தால் எவ்வளவு இடமாற்றம் இருந்தாலும் ஹாபன்தான்.

காலைவரை அவர் தூங்கவில்லை, விழித்தே இருந்தார்: 'எர் இஸ்ட் வாஹ் கெப்ளீபன்'. இங்கே எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் நிகழவில்லை என்பதே செய்தி. இருந்தும் ஸைன் வருகிறது. 'கெப்ளீபன்' என்றால் அப்படியே தங்கினார், நீடித்தார். 'இருந்தார்' என்பதற்கான 'கெவேஸன்' என்ற சொல்லும் அப்படித்தான்: 'எர் இஸ்ட் ரூஹிக் கெவேஸன்', அமைதியாக இருந்தார். மாற்றம் என்ற விதிக்குள் அடங்காத இந்த இரண்டையும் தனியே மனத்தில் இருத்திக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. தினமும் பயன்படும் சொற்கள் என்பதால் சில வாரங்களில் அவை தாமாகவே படிந்துவிடுகின்றன.

அறிக்கையின் கடைசியில் வருபவை மாணவரை மிக அதிகமாக ஏமாற்றும். காய்ச்சல் ஏறியது: 'டாஸ் ஃபீபர் இஸ்ட் கெஷ்டீகன்'. எதிர்பார்த்தபடி ஸைன். வலி குறைந்தது: 'டி ஷ்மெர்ட்ஸன் ஹாபன் நாஹ்கெலாஸன்'. ஹாபன்! நோயாளி 3 கிலோ எடை கூடியிருக்கிறார்: 'எர் ஹட் ட்ரை கீலோ ட்ஸூகெனோமன்'. மறுபடியும் ஹாபன். எடை கூடுவதைவிடத் தெளிவான நிலைமாற்றம் ஏது? 'தொடங்கியது', 'நின்றது' என்பவற்றுக்கும் ஹாபன்தான். படம் தொடங்கியது என்றால் 'டேர் ஃபில்ம் ஹட் ஆன்கெஃபாங்கன்'.

இவற்றை வெறும் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சொல்லின் உடலைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். 'ட்ஸூகெனோமன்' என்பதற்குள் 'எடுத்துக்கொள்' என்ற வினை இருக்கிறது. 'ஆன்கெஃபாங்கன்' என்பதற்குள் 'பிடி' என்ற வினை. 'நாஹ்கெலாஸன்' என்பதற்குள் 'விடு' என்ற வினை. எடுப்பதும் பிடிப்பதும் விடுவதும் செயப்படுபொருள் கேட்கும் வினைகள், ஹாபனின் சொத்து. முன்னொட்டு சேர்ந்து பொருள் எவ்வளவோ தூரம் போய்விட்ட பின்னும், பிறந்த வீட்டின் துணைவினையை அவை கைவிடவில்லை. மாறாக 'ஏறு' என்பது ஆதியிலேயே எழுவாய் மேலே போவதைச் சொன்ன வினை. ஆகவே காய்ச்சலும் விலைவாசியும் ஸைனோடு ஏறுகின்றன.

செயப்படுபொருள் வந்தால் ஹாபன் என்ற விதிக்கும் சில கசிவுகள் உண்டு. பட்டியலை முழுவதும் பார்த்தோம் என்பதற்கு 'விர் ஸின்ட் டி லிஸ்டெ டுர்ஹ்கெகாங்கன்' என்பார்கள். பட்டியல் செயப்படுபொருளாக நிற்கிறது, ஆனாலும் ஸைன். இதற்குள் இருப்பது 'போ' என்ற வினை, பட்டியலின் ஊடே நடந்துபோவதாக உள்ள பழைய உருவகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தொடக்கநிலை மாணவர் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? ஜெர்மன் மொழியின் மிகப் பழைய எழுத்துகளில் இப்போதுள்ள பெர்ஃபெக்ட் இன்னும் உருவாகி முடியவில்லை. 'என்னிடம் நட்ட மரம் ஒன்று இருக்கிறது' என்பது போன்ற வாக்கியங்கள் இருந்தன. அதில் 'இருக்கிறது' என்பது உண்மையான உடைமை. 'நட்ட' என்பது மரத்தின் அடைமொழி. காலப்போக்கில் உடைமைப் பொருள் தேய்ந்து, 'நான் மரம் நட்டிருக்கிறேன்' என்ற பொருள் மட்டும் எஞ்சியது. இன்னொரு பக்கம் 'அவர் வந்தவராக இருக்கிறார்' என்பது போன்ற வாக்கியங்கள் இருந்தன. அதில் 'வந்த' என்பது எழுவாயின் அடைமொழி. அதாவது ஹாபனோடு நிற்கும் பார்ட்டிட்ஸிப் முதலில் விவரித்தது செயப்படுபொருளை; ஸைனோடு நிற்பது விவரித்தது எழுவாயை. இன்றைய விதியின் முதுகெலும்பு இந்தப் பழைய அமைப்புதான்.

அந்தப் பழமையை இன்றும் சோதித்துப் பார்க்கலாம். ஸைன் எடுக்கும் வினையின் பார்ட்டிட்ஸிப்பை எழுவாய்க்கு அடைமொழியாக முன்னால் வைக்க முடியும். 'தூங்கிப்போன நோயாளி', 'வந்துசேர்ந்த ரயில்' இரண்டும் நல்ல ஜெர்மன். ஆனால் 'கெஷ்லாஃபன்' என்பதை வைத்துத் 'தூங்கிய நோயாளி' என்று சொல்ல ஜெர்மன் அனுமதிக்காது. தமிழில் இரண்டும் இயல்பு என்பதால் இந்தத் தடை நமக்குத் தெரிவதில்லை. ஐயம் வரும்போது மொழியறிஞர்கள் கையாளும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

ஜெர்மன் மட்டும் இப்படி இல்லை. டச்சு, பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளும் இரண்டு துணைவினைகளை வைத்திருக்கின்றன. ஸ்பானிஷ் ஒன்றோடு நின்றுவிட்டது. ஆங்கிலம் முன்பு இரண்டையும் பயன்படுத்தி, பிறகு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் 'ஹேவ்' என்பதற்கே வந்துவிட்டது. செயப்படுபொருள் இல்லாத வினைகள் ஒரே வகையல்ல, அடிப்படையிலேயே இரண்டு வகை என்று 1978இல் டேவிட் பெர்ல்மட்டர் முன்வைத்த கருத்து இந்தத் துணைவினைத் தேர்வுக்கு ஒரு கோட்பாட்டு விளக்கம் கொடுத்தது. 2000இல் அன்டொனெல்லா ஸொராச்சே ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு, இது இரண்டு பெட்டிகள் அல்ல, ஒரு படிவரிசை என்று காட்டினார். ஒரு முனையில் இடமாற்றம்: வருவது, போவது, வந்துசேர்வது. அங்கே எல்லாரும் தயக்கமின்றி ஸைன் வகையையே எடுக்கிறார்கள். மறுமுனையில் பேசுவது, வேலை செய்வது போன்ற வெறும் செயல்கள். அங்கே எல்லாரும் ஹாபன் வகை. இடைப்பட்ட படிகளில் ஊசலாட்டம் இருக்கிறது. நீச்சலுக்கு இரண்டும் வருவது ஏன் என்பது இதில் விளங்கும்.

ஊசலாட்டம் மிகத் தெளிவாகத் தெரிவது நிற்பது, உட்கார்ந்திருப்பது, கிடப்பது ஆகிய மூன்றிலும்தான். விழுந்த நோயாளி தரையில் கிடந்தார் என்பதை ஹாம்பர்க் செவிலியர் 'எர் ஹட் கெலேகன்' என்பார். மியூனிக், வியன்னா, ஸூரிக் செவிலியர் 'எர் இஸ்ட் கெலேகன்' என்பார். இரண்டும் சரி. தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றிலும் ஸைன் வழக்கத்தில் இருப்பதை அகராதிகளும் பதிவு செய்திருக்கின்றன. தெற்கத்தியர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. 'கெஷ்டாண்டன்' என்பது 'நின்றார்' என்பதற்கும் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்பதற்கும் பொதுவான பார்ட்டிட்ஸிப். வடக்கே 'எர் ஹட் கெஷ்டாண்டன்' என்றால் நின்றாரா, ஒப்புக்கொண்டாரா என்பது சூழலை வைத்தே தெரியும். தெற்கே நின்றவருக்கு 'இஸ்ட்', ஒப்புக்கொண்டவருக்கு 'ஹட்' என்று பிரிந்துவிடுகிறது.

சுவிஸ் ஜெர்மன் வட்டார வழக்குகளில் பெர்ஃபெக்ட் தவிர வேறு எளிய இறந்தகாலமே கிடையாது. 1980களிலிருந்து அங்கே குடியேறிய இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகள் பேசும் ஜெர்மனில் எல்லா இறந்தகாலமும் இந்த இரண்டு துணைவினைகள் வழியேதான் போகிறது. அவர்கள் 'இஷ் பின் கெஷ்டாண்டன்' என்று சொல்வதை, வட ஜெர்மன் பாடப்புத்தகத்தை வைத்துப் பிழை என்று திருத்தக்கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவருக்கோ இரு பக்கமும் இழுப்பு. தமிழில் வந்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் 'இரு' ஒன்றே துணை. அது மாணவரை ஸைன் பக்கம் இழுக்கும். ஜெர்மனை ஆங்கிலம் வழியாகப் படித்தால் 'ஹேவ்' அவரை ஹாபன் பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பிலும் பிழை வரும். ஆனால் இரண்டு பிழைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல.

ஸைன் வரவேண்டிய இடத்தில் ஹாபன் போட்டு 'எர் ஹட் கெகோமன்' என்றால் கேட்கிறவர் காதில் உறுத்தும். பொருள் புரிந்துவிடும். எதிர்த்திசைப் பிழை அப்படியல்ல. செயப்படுபொருள் கேட்கும் வினையோடு ஸைன் சேர்ந்தால் வாக்கியம் செயப்பாட்டுவினையாகத் திரும்பிவிடும். 'டேர் ஆர்ட்ஸ்ட் ஹட் ஓபெரீர்ட்' என்றால் மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்தார். 'டேர் ஆர்ட்ஸ்ட் இஸ்ட் ஓபெரீர்ட்' என்றால் அறுவைச் சிகிச்சை முடிந்த நிலையில் இருப்பவர் மருத்துவரே. மருத்துவமனை அறிக்கையில் இது சிறிய பிழையல்ல. ஆகவே ஐயம் வந்தால் ஹாபன் பக்கம் சாய்வதே பாதுகாப்பு. பெரும்பான்மை வினைகளும் ஹாபன் எடுப்பவைதான்.

அகராதிகள் ஒவ்வொரு வினைக்கும் அதன் துணைவினையைக் குறித்தே தருகின்றன. கோதே நிறுவனத்தின் சொற்பட்டியல்களும் பெர்ஃபெக்ட் வடிவத்தைத் தனியே அச்சிடாமல் துணைவினையோடு சேர்த்தே அச்சிடுகின்றன. ஜெர்மன் படிப்பவர்கள் தங்கள் நோட்டுப் புத்தகத்திலும் அப்படியே எழுதவேண்டும். 'கெஃபாரன்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள். 'எர் இஸ்ட் நாஹ் மியூன்ஷன் கெஃபாரன்' என்று ஒரு வரி, அதன் கீழே 'எர் ஹட் ஸைனன் ஃபாட்டர் கெஃபாரன்' என்று இன்னொரு வரி எழுதுங்கள். பக்கத்தில் தமிழில் 'போனார்', 'கொண்டுபோய் விட்டார்' என்று குறித்துக்கொள்ளுங்கள். சொல்லித்தருகிற ஆசிரியர்களும் முப்பது சொல் பட்டியலை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, 'உடைந்தது', 'உடைத்தார்' என்ற தமிழ் இணையிலிருந்து முதல் பாடத்தைத் தொடங்கலாம்.